அந்த அச்சகக்காரனுக்கு ஒரு கடிதம்

எங்கள் டொக்டர் கிருபைரட்ணத்துக்கு யாரிடமும் 'இல்லை' என்று சொல்ல வராது. கத்தி பிடித்தால் நடுங்காத கை, பேனை பிடித்தால் நடுங்கும். சத்திரசிகிச்சை நிபுணராக இருந்து ஓய்வுபெற்றபின், கொக்குவிலில் உள்ள எங்கள் சின்ன வைத்தியசாலைக்குப் பணிப்பாளராக வந்தவர். நான் நிஷானி. அங்கே நிருவாகமும் கொள்வனவும் என் பொறுப்பு. அவருக்குச் சொல்ல வராத 'இல்லை'களை அவருக்காகச் சொல்லுவது என் வேலையில் பாதி. மிச்சப் பாதி, அவர் சொல்லிவிட்டு வந்த 'ஓம்'களைத் திருப்பி வாங்குவது.

போன மார்ச்சில் கொழும்பிலிருந்து றோகானின் மின்னஞ்சல் வந்தது. எங்கள் வைத்தியசாலையை நடத்துகிற மிஷன் அறக்கட்டளையின் கணக்குகளைப் பார்ப்பவர் அவர். அச்சு வேலை ஒப்பந்தம் மாத முடிவோடு முடிகிறது, பழைய விலையில் புதுப்பிக்க முடியாது என்று எழுதியிருந்தார். நாட்டில் டொலர் இல்லாமற் போன வருடம் கடதாசி விலை தலைக்குமேல் ஏறியபோது, எங்கள் அச்சகத்துக்குக் கொடுக்கிற விலையையும் ஏற்றிக் கொடுத்தோம். அது நியாயம். பிறகு கடதாசி இறங்கியது, எங்கள் விலை மட்டும் ஏறின இடத்திலேயே இருந்தது. இது நியாயமில்லை என்று றோகான் சொன்னதில் எனக்கும் மறுப்பில்லை. கொழும்பு அச்சகம் ஒன்றிடம் விலை கேட்டு, அதையும் இணைத்திருந்தார். நோயாளர் அட்டை, மருந்துச் சிட்டைக் கொப்பி, ஆய்வுகூட அறிக்கை உறை எல்லாமே எங்கள் விலையை விடப் பதினைந்து வீதம் குறைவு. எங்கள் அச்சகக்காரர் அந்த விலைக்குச் சம்மதித்து மாத முடிவுக்குள் கையொப்பமிட்டால் இன்னும் ஒரு வருடம். இல்லையென்றால் வேலை கொழும்புக்குப் போகும்.

எங்கள் அச்சகக்காரர் என்றால் அருளம்பலம் ஐயா. கொக்குவில் புகையிரதக் கடவைக்குப் பக்கத்து ஒழுங்கையில் அச்சகம். வைத்தியசாலை தொடங்கின நாளிலிருந்து எங்கள் பெயர் தாங்கிய ஒவ்வொரு கடதாசியும் அங்கேதான் அடிபட்டது. அது மட்டுமில்லை. டொக்டரும் நானும் இங்கிலிஷில் படித்து இங்கிலிஷில் வேலைபார்க்கிற ஆட்கள். தமிழில் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தால், அரைகுறையாக எழுதி அருளம்பலம் ஐயாவுக்குப் படமெடுத்து அனுப்புவோம். அவர் திருத்தி, தட்டெழுத்தில் அடித்து, எங்கள் கடிதத்தாளிலேயே கொண்டுவந்து தருவார். பிரதேச சபைக்குப் போன முறைப்பாடு, ஆயருக்கு வரவேற்புரை, தாதி ஒருத்தியின் கலியாணத்துக்கு வாழ்த்து, என் அப்பா இறந்தபோது போட்ட நினைவஞ்சலி எல்லாம் அவர் கை பட்டவைதான். அதற்கு ஒரு சதம் வாங்கமாட்டார். ஆனால் தன் தமிழைப் பற்றி அவருக்கு இருக்கிற பெருமையைக் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டும். அதுதான் கூலி. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். அதனால்தான் கடிதத்தைச் சுருக்கமாக எழுதிமுடிக்க நினைத்தேன். பிடித்தவரிடம் வளவளவென்று கதைத்து இழுத்தால் இரண்டு பேருக்கும் வலிக்கும்.

'ஏப்ரல் முதலாம் திகதி முதல் இணைப்பிலுள்ள விலைகள் அமுலுக்கு வரும். உடன்படாவிட்டால் ஒப்பந்தம் முடிவுறும்.' இவ்வளவுதான் எழுதினேன். டொக்டர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, இது கடிதமோ, வீட்டை விட்டு எழும்பச் சொல்லுற நோட்டீசோ?"

தானே எழுதுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு உடுவிலில் உள்ள தன் வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் கழித்து ஒன்றரைப் பக்கத்தோடு வந்தார். 'பேரன்புக்கும் பெருமதிப்புக்குமுரிய' என்று தொடங்கியது. அருளம்பலம் ஐயாவின் சுகம் விசாரித்தது, மகன் வாகீசனின் கலியாணத்தை நினைவுகூர்ந்தது, கர்த்தரின் ஆசியை வேண்டியது. நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற சைவப்பழத்துக்குக் கர்த்தரின் ஆசி. இரண்டாம் பக்கத்தின் நடுவில், 'தங்களுக்குச் சிரமமில்லாவிடின் விலைகளைச் சற்றே மீளநோக்க இயலுமோ' என்று ஒரு வரி ஒளிந்திருந்தது. எந்த விலை, எவ்வளவு, எப்போதிருந்து என்று ஒன்றுமில்லை. இதை வாசிக்கிறவர் தனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்று நினைப்பார் என்றேன்.

நான் வெட்டினேன், அவர் ஒட்டினார். அவர் ஒட்டியதில் நான் திரும்பத் திரும்ப வெட்டிய வரி ஒன்று இருந்தது. கடதாசி கிடைக்காத வருடத்தைப் பற்றிய வரி. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் அட்டை வாங்க முடியவில்லை. எங்களிடம் நோயாளர் அட்டை முடிந்துவிட்டது. அருளம்பலம் ஐயா தன்னிடம் விலைபோகாமல் கிடந்த கலியாண அட்டைகளை, முன்பக்கத்தில் தங்கநிறப் பிள்ளையார் இருக்கிற வெறும் அட்டைகளை, இரண்டாக வெட்டிப் பின்பக்கத்தில் எங்கள் நோயாளர் அட்டையை அடித்துத் தந்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் பிள்ளையார் அட்டை. கீரிமலையிலிருந்து வந்த ஒரு அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு டொக்டரின் அறைக்குள் போனது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. நல்ல கதைதான். ஆனால் விலை குறைக்கிற கடிதத்தில் அதற்கு என்ன வேலை? நன்றி சொல்லிவிட்டுக் கழுத்தைப் பிடிப்பது எனக்குப் பிடிக்காது. வெட்டினேன். மறுநாள் அது திரும்ப இருந்தது.

கடைசியில் வெள்ளிக்கிழமை பின்னேரம், மரியாதையும் வேண்டும் இறுக்கமும் வேண்டும், இரண்டையும் ஒரே கடிதத்தில் வைக்க எங்கள் இரண்டு பேராலும் ஏலாது என்று ஒத்துக்கொண்டோம். டொக்டர் தான் யோசித்துப் பார்ப்பதாகச் சொன்னார். விலைப்பட்டியலையும் கடிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"நான் அதைச் சரியான ஆளிட்டை குடுத்திட்டன் பிள்ளை. இண்டைக்குத் திருத்தி வந்திடும்."

யாரிடம் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இதென்ன கேள்வி என்கிற பார்வை.

"அருளம்பலத்திட்டைத்தான். வேறை ஆரிட்டைக் குடுக்கிறது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கதிரையில் இருந்தார். அவரைக் கோபித்தும் பயனில்லை. இத்தனை வருடமாகத் தமிழ்க் கடிதம் என்றால் அவர் விரல் தானாக அந்தப் பெயருக்குத்தான் போகும். கடிதத்தைப் பற்றிய கவலையில், கடிதம் யாருக்கு என்பதை மனுஷன் மறந்துபோனார். வெள்ளி இரவே கடிதத்தையும் விலைப்பட்டியலையும் படமெடுத்து அனுப்பியதோடு நிற்கவில்லை, குரற்பதிவு வேறு போட்டிருக்கிறார். கேட்டாயிற்று என்பதற்கு அடையாளமாகக் கைத்தொலைபேசியில் நீலக் குறிகள் விழுந்திருந்தன. சனி, ஞாயிறு போயும் பதில் இல்லை. அருளம்பலம் ஐயா திருத்தம் அனுப்ப ஒரு மணித்தியாலம் தாண்டினது இல்லை.

"ரோசக்காரன்," என்றார் டொக்டர். "இனி அவன் எங்கடை வாசற்படி மிதிக்கமாட்டான்." ஒப்பந்தம் கொழும்புக்குப் போவதை விட, இப்படி அறுந்து போவது மோசம்.

உடனே புறப்பட்டோம். ஒழுங்கைக்குள் கார் போகாது என்று கடவையடியில் விட்டுவிட்டு நடந்தோம். வழி முழுக்க டொக்டர் மன்னிப்புக் கேட்கிற வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். உள்ளே வாகீசன் புது டிஜிட்டல் இயந்திரத்தின் முன்னால் நின்றான். என்னைக் கண்டதும் "வாங்கோ அக்கா" என்றான், ஆனால் சிரிக்கவில்லை. அந்த இயந்திரத்தை லீசிங்கில் எடுத்திருக்கிறார்கள், நாங்கள்தான் அவர்களின் பெரிய வாடிக்கை என்பது எனக்குத் தெரியும்.

அருளம்பலம் ஐயா மேசையில் இருந்தார். முன்னால் எங்கள் ஒன்றரைப் பக்கம் அச்சில் எடுக்கப்பட்டு, சிவப்புப் பேனையால் கீறிக் குதறப்பட்டுக் கிடந்தது. டொக்டர் வாயைத் திறக்க முதல் அவர் கையை உயர்த்தினார்.

"இரும் கிருபை. முதல்லை கடிதத்தைப் பற்றிக் கதைப்பம். இது ஆருக்குப் போற கடிதம்?"

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஒரு அச்சகக்காரனுக்கு," என்றார் டொக்டர், மெல்ல.

"ஆள் எப்பிடி?"

"நல்ல மனுசன். கொஞ்சம் ரோசக்காரன்."

"அப்ப அந்த அச்சகக்காரனுக்கு இப்பிடி எழுதப்படாது," என்றார் அருளம்பலம் ஐயா. முகத்தில் ஒரு அசுமாத்தமும் இல்லை. அவர் விளையாடுகிறாரா, கொதிக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒன்றரைப் பக்கத்தில் ஆறு இடத்தில் நன்றி சொல்லியிருக்கிறீர்கள், முதல் நன்றியிலேயே அந்த ஆளுக்கு விளங்கிவிடும் ஏதோ பறிக்கப் போகிறார்கள் என்று, மிச்சம் ஐந்தையும் அவன் நெஞ்சிடியோடுதான் வாசிப்பான் என்றார். 'மீளநோக்க இயலுமோ' என்று கேட்டால் 'இயலாது' என்று எழுதுவான், கேள்வி கேட்டது நீங்கள்தானே என்றார். சொல்ல வேண்டிய விலையை முதற் பந்தியிலேயே சொல்ல வேண்டும், ஏன் குறைகிறது என்பதை ஒரு வசனத்தில் சொல்ல வேண்டும், என்ன மாறாது என்பதையும் சொல்ல வேண்டும், பிறகு எந்தத் திகதிக்குள் கையொப்பம் வைத்துத் திருப்ப வேண்டும் என்று எழுதி நிறுத்த வேண்டும். அதற்குமேல் ஒரு சொல் எழுதினாலும் ஆள் அதில் தொங்குவான்.

பிறகு மேசை லாச்சியிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். எங்கள் கடிதத்தாள். ஒரே பக்கம்.

நான் வாசித்தேன். ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து ஒரு வருடத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விரும்புகிறோம் என்பது முதல் வசனம். இணைப்பிலுள்ளபடி விலைகள் பதினைந்து வீதம் குறைகின்றன என்பது இரண்டாவது. கடதாசி விலை ஏறியபோது உங்கள் விலையை ஏற்றினோம், இப்போது அது இறங்கியிருப்பதால் இறக்குகிறோம் என்பது மூன்றாவது. அதில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. வேலையின் அளவும், பணம் கொடுக்கிற தவணையும் மாறா. மார்ச் முடியுமுன் கொடுத்த ஓடர்களுக்குப் பழைய விலையே பொருந்தும். அந்த வசனம் எங்கள் கடிதத்தில் இருக்கவில்லை. தனக்குச் சாதகமாகச் சேர்த்திருக்கிறார் என்று என் கொள்வனவு மூளை உடனே உசாரானது. அதைக் கேட்டும்விட்டேன்.

"பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பாரும் பிள்ளை, அதிலை இருக்கு," என்றார். "உதை எழுதாட்டி அந்த அச்சகக்காரன் அதைப் பிடிச்சு ஒரு மாதம் இழுப்பான். எனக்கு அவனைத் தெரியும்."

வாகீசன் பொறுக்கமாட்டாமல் திரும்பினான். எங்கள் விலையை நாங்களே வெட்டி, வெட்டினதை நாங்களே அழகாக அடித்தும் கொடுக்கிறோம் அப்பா, இயந்திரத்தின் மாதத் தவணையை யார் கட்டுவது என்று கேட்டான். அவன் கேட்டது பிழையில்லை. அருளம்பலம் ஐயா அவனைப் பார்க்கவில்லை, டொக்டரைத்தான் பார்த்தார்.

"கடதாசி இறங்கினது போன வருசம். எனக்குத் தெரியாதோ? நான்தான் வாயைத் திறக்கேல்லை. இவங்கள் கேக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். இந்த விலைக்கும் எங்களுக்கு மிஞ்சும் தம்பி, முந்தின மாதிரி மிஞ்சாது. அவ்வளவுதான்."

"அப்ப ஏன் ரண்டு நாளாப் பதில் போடேல்லை?" என்றார் டொக்டர். "இண்டைக்குக் காலமை நான் செத்துப்போனன் ஐசே."

அருளம்பலம் ஐயா கைத்தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்து அழுத்தினார். டொக்டரின் குரல் வந்தது. "அருளம்பலம், உந்தக் கடிதத்தை ஒருக்காப் பாரும். ஆள் கனகாலப் பழக்கம். மனம் நோகப்படாது. ஆனா மாட்டனெண்டும் சொல்லப்படாது. கொழும்பிலை வேறை ஆள் ரெடி. ஆனா இந்த ஆளை விட்டால் எனக்குச் சரிவராது, அருளம்பலம். எனக்கு இந்த ஆள்தான் வேணும்."

குரற்பதிவு முடிந்தது. டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அது துடைக்கத் தேவையில்லாத கண்ணாடி.

"உதைத்தான் ரண்டு நாளாக் கேட்டுக்கொண்டிருந்தன்," என்றார் அருளம்பலம் ஐயா. "எனக்கு முன்னாலை ஒருநாளும் சொல்லாத கதை."

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து நான் கடிதத்தை மடிக்கப் போனேன். அப்போதுதான் அடியில் இருந்த கடைசிப் பந்தியைக் கண்டேன். ஆறு நன்றிகளையும் வெட்டினவர், கர்த்தரையும் கலியாணத்தையும் வெட்டினவர், டொக்டர் எழுதின ஒரேயொரு வரியை ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே வைத்திருந்தார். 'கடதாசி கிடைக்காத வருடத்தில் கலியாண அட்டைகளின் பின்பக்கத்தில் எங்கள் நோயாளர் அட்டைகளை அடித்துத் தந்தீர்கள். அட்டை இல்லையென்று ஒரு நோயாளியும் திரும்பிப் போகவில்லை.'

ஐயா, இது ஒப்பந்தக் கடிதம், கொழும்பில் கோவைக்குள் கோத்து வைப்பார்கள், அங்கே சிரிப்பார்கள் என்றேன். ஒரு சொல்லும் மிஞ்சக்கூடாது என்று நீங்கள்தானே இப்போது சொன்னீர்கள் என்றும் கேட்டேன்.

"மற்றதெல்லாம் ஆளைக் குளிர வைக்க எழுதினது. இது நடந்தது." கடிதத்தைப் பற்றிய பேச்சில் அவர் முதல்தடவையாக 'அந்த அச்சகக்காரன்' வேஷத்தை விட்டு இறங்கிவந்தார். "விலையைக் குறையுங்கோ பிள்ளை, நான் ஒண்டும் சொல்லேல்லை. அந்த வரியை எடுத்தால் நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

சொன்ன விதம் மரியாதையாக இருந்தது. இறுக்கமாகவும் இருந்தது. நாங்கள் பத்து நாளாகத் தேடித் திரிந்தது அதைத்தான்.

வைத்தியசாலைக் கந்தோருக்கு வந்து, டொக்டரின் கையொப்பத்தோடு கடிதத்தை முறைப்படி அச்சகத்துக்கு அனுப்பி, கொழும்புக்கும் பிரதி போட்டேன். நினைத்தபடியே பின்னேரம் றோகான் அழைத்தார். கடிதம் நன்றாக இருக்கிறது, யார் எழுதினது என்று கேட்டார். வெளியில் ஒருவர் என்றேன். கடைசிப் பந்தி மட்டும் தேவையில்லை, அறக்கட்டளைச் சபை உறுப்பினர்கள் பார்க்கிற கோவை, அதை எடுத்துவிட்டு இன்னொரு பிரதி அனுப்பு என்றார். ஒரு வாரத்துக்கு முதல் என்றால் அதே சொற்களை நான்தான் சொல்லியிருப்பேன். அந்தப் பந்தியை நானே மூன்று தரம் வெட்டினவள்.

"ஏலாது றோகான்," என்றேன். "விலை நீங்கள் கேட்ட விலை. திகதி நீங்கள் கேட்ட திகதி. அந்த வரி எங்கடை. அது இல்லாட்டி ஒப்பந்தமும் இல்லை."

அவர் அந்தப் பந்தியை இன்னொருதரம் வாய்விட்டு வாசித்தார். பிறகு அவர் சிரித்தார். உண்மையாகவே கலியாண அட்டையா, மிஷன் ஆஸ்பத்திரியில் பிள்ளையாரா என்று கேட்டார். அப்படி ஒன்று இருந்தால் சபைக்குக் காட்ட ஒரு அட்டை அனுப்பு, அந்த வரி இருக்கட்டும் என்றார். அந்த அட்டைகளுக்கு நான் எங்கே போவேன்? எல்லாம் நோயாளரோடு போய்விட்டன.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்க, கையொப்பமிட்ட பிரதியை அருளம்பலம் ஐயா தானே கொண்டுவந்து தந்தார். டொக்டரின் அறையில் தேத்தண்ணி குடித்தார்கள். போகிறபோக்கில், றோகான் கேட்டதை நான் சொன்னேன். அப்படி ஒரு அட்டை தன்னிடமும் மிச்சமில்லை என்று அருளம்பலம் ஐயா உதட்டைப் பிதுக்கினார்.

டொக்டர் கையை நீட்டி, மேசையில் எப்போதும் இருக்கிற வேதாகமத்தை எடுத்தார். நடுவில் விரித்தார். சங்கீதங்களுக்கு நடுவே, ஓரம் மழுங்கி, தங்கநிறம் பாதி உரிந்து, பிள்ளையார் இருந்தார். பின்பக்கத்தில் எங்கள் வைத்தியசாலையின் பெயர், நோயாளர் பெயர் எழுத ஒரு வெறும் கோடு.

"இதை நான் கொழும்புக்குக் குடுக்கமாட்டன்," என்றார். "படமெடுத்து அனுப்பும் பிள்ளை."

நான் படமெடுத்தேன். எடுத்த கையோடு, பார்த்து அருளம்பலத்துக்கு அனுப்பிவிடாதையும் என்றார் டொக்டர். அருளம்பலம் ஐயா பக்கத்தில்தான் இருந்தார். கோப்பையைக் கையில் பிடித்தபடி, அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். திருத்துவதற்கு அதில் அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.